"மெயில் அனுப்பிவிட்டேன் அக்கா" என்பதற்குப் பிறகு: இளையவரிடம் ஃபாலோ அப்பை ஒப்படைப்பது எப்படி

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் அதிகம் கேட்கும் பதில் "மெயில் அனுப்பிவிட்டேன் அக்கா" என்பதுதான். அனுப்பியது உண்மை. பதில் வரவில்லை என்பதும் உண்மை. மறுபடி யார் கேட்பது என்பது மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். பையரிடமிருந்து கேள்வி வந்ததும் மூத்தவர் பதறிப்போய் சாயப்பட்டறைக்கு ஃபோன் செய்வார். வேலையைத் தொடங்கியவர் இளையவர், முடிப்பவர் மூத்தவர் என்ற பழக்கம் இப்படித்தான் ஊறிப்போகிறது.

இதை மாற்றப் பெரும்பாலானவர்கள் ஒருநாள் பொறுமை இழந்து, "இனிமேல் ஃபாலோ அப் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது எப்படி விழும்? "அக்காவுக்குப் பிடிக்காத ஃபோன்களை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்" என்றுதான். பல நேரங்களில் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும். எனவே சொல்லும் விதத்தை மட்டும் மெருகேற்றிப் பயனில்லை. ஒப்படைக்கும் பொருளே வேறாக இருக்க வேண்டும்.

கீழே உள்ள வழிமுறையை லேப் டிப் என்ற ஒரே வேலையை வைத்துச் சொல்கிறேன். ஆர்டரில் உள்ள நிறத்தைச் சிறு துணித்துண்டில் சாயமிட்டு, பையரிடம் ஒப்புதல் வாங்குவதுதான் லேப் டிப். சாயப்பட்டறை, கூரியர், பையர் என மூன்று இடங்களில் காத்திருக்க வேண்டிய வேலை என்பதால் ஃபாலோ அப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் படி: ஃபோன்களைக் கொடுக்காதீர்கள், ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள்

"டையிங்குக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்" என்பது ஏவல். அதைச் செய்பவருக்கு ஏன் கேட்கிறோம், எந்தப் பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. கேட்டுவிட்டு வந்து "நாளை தருகிறார்களாம்" என்பார். அதோடு அவர் கடமை முடிந்தது. இப்படிப் பத்து ஏவல்களை ஒன்றாகச் சேர்த்தாலும் அது பொறுப்பாகிவிடாது.

முழு வேலை என்றால் தொடக்கமும் முடிவும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். லேப் டிப்பின் தொடக்கம், ஆர்டர் துணியிலேயே சாயமிடாத துண்டையும் பையர் கொடுத்த நிற மாதிரியையும் சாயப்பட்டறைக்கு அனுப்புவது. முடிவு எது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஏ, பி, சி என்று போன டிப்களில் "பி ஓகே" என்று பையர் மெயில் அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாக இளையவர் நினைப்பார். உண்மையில், எந்த டிப் ஒப்புதலானது என்பது சாயப்பட்டறைக்கு எழுத்தில் போய், ஒப்புதலான துண்டு ஒன்று அவர்களிடமும், ஒன்று நம் ஃபைலிலும், ஒன்று தரப் பரிசோதகரிடமும் சேர்ந்த பிறகுதான் அது முடிகிறது. பி ஓகே என்று பையர் சொல்லியும் சாயப்பட்டறை ஏ ரெசிபியில் துணியை ஓட்டிவிடுவது நடக்கக்கூடிய விபத்துதான். டன் கணக்கில் துணி வந்து இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் இனிமையாக இருக்காது.

எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே தாமதமான வேலையை முதல் வேலையாகக் கொடுக்கக் கூடாது. நான்கு நாள் பிந்திப்போன டிப்பை ஒப்படைத்தால் நீங்கள் என்ன இனிமையாகப் பேசினாலும் அது தள்ளிவிடுவதுதான். தாமதத்தை நீங்களே முடித்துக்கொடுங்கள். அடுத்த ஆர்டரின் புதிய டிப்பை முதல் நாளிலிருந்து அவரிடம் கொடுங்கள்.

இரண்டாம் படி: உங்களிடம் எது இருக்கப்போகிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

பேச உட்காருவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. சாய விலை, பாக்கிப் பணம், ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பது, விமானத்தில் அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பவை மூத்தவரின் வேலைகள். சாயப்பட்டறை டிப்பைத் தாமதிப்பதற்குப் பின்னால் சில சமயம் பழைய பில் நிலுவை இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவரை அந்தச் சுவரில் மோதவிடுவது அநியாயம். அவர் தினமும் ஃபோன் செய்வார், அவர்கள் தினமும் ஏதோ ஒரு சாக்கு சொல்வார்கள், உண்மைக் காரணத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் கையிலிருந்து எதை எடுக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழு நாளும் நிறைந்திருப்பவரிடம் இன்னொரு வேலையை வைப்பதற்கு எந்தச் சொல்லலங்காரமும் உதவாது. மாதிரித் துணிகளைப் பெட்டியில் கட்டுவது, பழைய ஆர்டர் தாள்களை அடுக்குவது போன்ற ஏதாவதொன்றை எடுத்துவிடுங்கள், அல்லது அது தாமதமானால் பரவாயில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: பேசுவது

சனிக்கிழமை மாலை கிளம்பும்போது வேண்டாம். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். பையர் திட்டி மெயில் அனுப்பிய நாளில் கண்டிப்பாக வேண்டாம், ஏனென்றால் அன்று எதைச் சொன்னாலும் தண்டனையாகவே கேட்கும். புதிய ஆர்டர் கைக்கு வந்த காலை நேரம்தான் சரி.

காரணத்தைச் சொல்லும்போது உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். "எனக்கு நேரமில்லை" என்பது, என் நேரம் உன் நேரத்தைவிட உயர்ந்தது என்று ஒலிக்கும். "உன் வளர்ச்சிக்காகத்தான்" என்பது அதைவிட மோசம். சம்பளம் உயராத இடத்தில் வளர்ச்சி என்ற பேச்சைக் கேட்டாலே இளையவர்கள் உஷாராகிவிடுகிறார்கள், அது நியாயமும்கூட. உண்மைக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. விவரம் ஒருவரிடம் இருக்கிறது, ஃபோன் இன்னொருவர் செய்கிறார், நடுவில் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது.

பேச்சு ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"தம்பி, இந்தப் புது ஆர்டரில் மூன்று நிறத்துக்கும் லேப் டிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீங்களே நடத்துங்கள் என்று நினைக்கிறேன். இப்போது துணி அனுப்புவது நீங்கள், டையிங்கில் கேட்பது நான். எந்தத் துணி எப்போது போனது என்று அவர்கள் கேட்டால் எனக்குத் தெரிவதில்லை, திரும்ப உங்களைக் கேட்கிறேன். அதிலேயே ஒருநாள் போகிறது."

"நான் கேட்டால் அவர்கள் கொடுக்க மாட்டார்களே அக்கா. நீங்கள் பேசினால்தான் நகர்கிறது."

"அது உண்மைதான். அதற்கு நான் இன்றைக்கே மேனேஜரிடம் பேசுகிறேன். பில், விலை என்று எது வந்தாலும் அது என்னுடையது, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். மாதிரி பேக்கிங்கை இந்த வாரத்திலிருந்து வேறு ஆளிடம் மாற்றிவிட்டேன். இதை நடத்த இன்னும் என்ன வேண்டும் என்று யோசித்து மாலை சொல்லுங்கள்."

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது, அவர் சொன்ன தடையை மூத்தவர் மறுக்கவில்லை என்பதுதான். "அதெல்லாம் பேசிப் பழகினால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே செத்திருக்கும். இளையவர் சொல்லும் முதல் ஆட்சேபத்தில் பெரும்பாலும் உண்மை இருக்கும். அதைத் தீர்ப்பது உங்கள் பங்கு. மாலை வரை அவகாசம் கொடுப்பதும் சும்மா இல்லை. நேருக்கு நேர் கேட்டால் நம் அலுவலகங்களில் எல்லோரும் "சரி அக்கா" என்றுதான் சொல்வார்கள்.

அவர் "இது என் வேலையா?" என்று கேட்டுவிட்டால் கோபப்படாதீர்கள். வேலைக்குச் சேரும்போது அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று பாருங்கள். கணினியில் பதிவு செய்ய மட்டும் எடுக்கப்பட்டவராக இருந்தால் அவர் கேள்வி சரியானது. அதை முதலாளியிடம் கொண்டுபோவதுதான் உங்கள் அடுத்த வேலை.

நான்காம் படி: தேதிகளை அவரையே கணக்கிடச் சொல்லுங்கள்

ஃபாலோ அப் என்பது அடிக்கடி ஃபோன் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த நாளுக்குப் பிறகு அவகாசம் இல்லை என்று தெரிந்திருப்பதுதான் அதன் மையம். அதைத் தெரிந்தவர் யாரும் சொல்லாமலே கேட்பார். தெரியாதவரை நாம்தான் தினமும் உசுப்ப வேண்டியிருக்கும்.

நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 20-க்குள் பேக்கிங் முடிந்து தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் துணி ஜூலை 20-க்குள் கம்பெனியில் இருக்க வேண்டும், சாயமிடுதல் ஜூலை 8-இல் தொடங்க வேண்டும். இனி முன்னோக்கிப் போவோம். ஜூன் 2 அன்று சாயப்பட்டறையிடம் டிப் கேட்கிறோம். ஜூன் 7-இல் கிடைக்கிறது, அன்றே கூரியர். ஜூன் 12-க்குள் ஜெர்மனியில் உள்ள பையர் கையில். ஒரு வாரத்தில், அதாவது ஜூன் 19-இல் பதில். ஒரு நிறம் நிராகரிக்கப்பட்டால் ஜூன் 20-இல் மறுபடி கேட்டு, 24-இல் அனுப்பி, ஜூலை 7-க்குள் பதில் வாங்கிவிடலாம். மறுநாள் சாயம் தொடங்க வேண்டிய நாள்.

ஆக, ஒரு நிராகரிப்பை இந்தக் கால அட்டவணை தாங்கும், இரண்டைத் தாங்காது. ஜூன் 7 என்பது ஜூன் 11 ஆனால் அந்த ஒன்றையும் தாங்காது. "டிப் சீக்கிரம் வேண்டும்" என்று நூறு முறை சொல்வதைவிட, இந்தக் கணக்கை இளையவர் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நூறு மடங்கு வேலை செய்யும். நீங்கள் போட்டுக்கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் 20 என்ற தேதியையும், ஒவ்வொரு கட்டத்துக்கும் வழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்பதையும் மட்டும் சொல்லுங்கள்.

பிறகு அவருக்கென்று ஒரு தாள். கணினியிலோ நோட்டிலோ, எதில் இருந்தாலும் சரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் போதும்: எது, இப்போது யார் கையில், நான் அடுத்துக் கேட்கும் நாள், எந்த நாள் தாண்டினால் அக்காவிடம் போவேன். மஸ்டர்டு நிற டிப்புக்கு ஜூன் 2 அன்று அந்த வரி "மஸ்டர்டு, டையிங் லேப், ஜூன் 5, ஜூன் 9" என்று இருக்கும். கடைசித் தேதி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் இளையவர் ஒன்று முதல் நாளே உங்களிடம் ஓடிவருவார், அல்லது வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி நாள் வரை மறைத்துவைப்பார். ஜூன் 9 என்று முன்பே பேசிவைத்துவிட்டால் அன்று உங்களிடம் வருவது தோல்வியும் ஆகாது, கோள் சொல்வதும் ஆகாது.

ஐந்தாம் படி: எதிர்முனையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்

இதை விட்டுவிட்டால் மேலே செய்தது எல்லாம் வீண். சாயப்பட்டறை மேனேஜர் நம் இளையவரைவிட இருபது வயது மூத்தவர். அவருக்குத் தெரிந்த எண் உங்களுடையது. இளையவர் ஃபோன் செய்தால் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "அக்காவைப் பேசச் சொல்லுங்கள்" என்பார்.

முடிந்தால் இளையவரை நேரில் அழைத்துப்போய், லேப்பில் ரெசிபி போடுபவர் வரை அறிமுகப்படுத்துங்கள். மேனேஜரிடம், "அண்ணா, இந்த ஆர்டரின் டிப் முழுக்கத் தம்பிதான் பார்க்கிறார். எது ஓட்டலாம், எது வேண்டாம் என்று அவர் சொன்னால் நான் சொன்ன மாதிரி" என்று அவர் முன்னாலேயே சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல மனம் வரவில்லையென்றால் நீங்கள் ஒப்படைக்கவே இல்லை, ஏவுகிறீர்கள் என்று பொருள்.

அடுத்த வாரம் அந்த மேனேஜர் பழக்கத்தில் உங்களுக்கே ஃபோன் செய்வார். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டால் பத்து நொடியில் முடிந்துவிடும். ஆனாலும் சொல்லாதீர்கள். "தம்பியிடம் கேளுங்கள் அண்ணா, அவரிடம்தான் சரியான விவரம் இருக்கிறது" என்று திருப்பிவிடுங்கள். நீங்கள் பதில் சொன்ன அந்தக் கணத்தில் இளையவரின் தாளில் உள்ள வரி பொய்யாகிவிடுகிறது.

ஆறாம் படி: கேட்கும் முறையைக் காட்டிக்கொடுங்கள்

"டிப் ஆகிவிட்டதா?" என்று கேட்டால் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று பதில் வரும். அதில் ஒரு தகவலும் இல்லை. ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வியாகக் கேட்கப் பழக்குங்கள்: "மூன்றில் எந்த நிறம் கையில் இருக்கிறது, எது பாக்கி?" பாக்கி என்று சொன்னதற்கு, "அது எதற்காகக் காத்திருக்கிறது?" இந்த இரண்டாவது கேள்வியில்தான், நம் பக்கமிருந்து துணித்துண்டே போய்ச் சேரவில்லை என்பது போன்ற உண்மைகள் வெளிவரும். முடிந்தவற்றை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஃபோட்டோவில் நிறத்தை மதிப்பிட முடியாது. துண்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய நாள் கெடு நாள் அல்ல, அதற்கு முந்தைய நாட்களில் ஒன்று. ஜூன் 7-இல் வர வேண்டியதை 7-இல் கேட்டால் அது விசாரணை. 5-இல் கேட்டால்தான் ஏதாவது செய்ய முடியும்.

ஏழாம் படி: முதல் சிக்கலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

ஜூன் 19. நேவியும் ஆஃப் ஒயிட்டும் ஓகே. மஸ்டர்டு, டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கில் சரியாக இருக்கிறது, டிஎல்84 என்ற கடை விளக்கில் பச்சை அடிக்கிறது என்று பையர் நிராகரித்துவிட்டார். தம்பி வந்து, "அக்கா, மஸ்டர்டு போய்விட்டது. என்ன செய்வது?" என்கிறார்.

நீங்கள் ஃபோனை எடுத்தால் ஒப்படைத்தது திரும்பிவிட்டது. அதற்காக "நீங்களே யோசியுங்கள்" என்று விரட்டுவதும் சரியல்ல. அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஒரு விளக்கில் பொருந்தி இன்னொன்றில் மாறுகிறது என்றால் சாயத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது கடினம், சாயங்களின் சேர்க்கையையே மாற்ற வேண்டியிருக்கும். அதை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவரிடம் கேளுங்கள்: "டையிங்குக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?"

அவர் "மஸ்டர்டு ரிஜெக்ட், மறுபடி வேண்டும்" என்று எழுதப்போவதாகச் சொன்னால், எந்த விளக்கில் என்ன தவறு என்ற பையரின் சொற்களை அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கையை மாற்றி மூன்று டிப், 24-ஆம் தேதிக்குள், அனுப்பும் முன் இரண்டு விளக்கிலும் அவர்களே பார்த்துவிட வேண்டும் என்று கடிதம் முழுமையாகிவிடும். அனுப்புவது அவர். சாயப்பட்டறையிடம் பேசுவதும் அவர். பையருக்கு "ஜூலை 7-க்குள் உங்கள் பதில் அவசியம்" என்று எழுதுவதும் அவர்தான். கடைசி மெயிலை மட்டும் அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கலாம். திருத்தம் இருந்தால் வாயால் சொல்லுங்கள், நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள்.

அன்றாடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்கும் பழக்கத்தை இந்த நாட்களில் அடக்கிக்கொள்வது கடினம், குறிப்பாக இந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கு. வாரம் இருமுறை, நேரம் குறித்து, தாளை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும். நடுவில் கேட்க வேண்டுமென்று தோன்றினால் தாளைத் திறந்து பாருங்கள். தாளில் இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள்.

நழுவிப்போனால்

சில வரிகள் நழுவும். ஜூன் 5-இல் கேட்கவில்லை, 9-இல் உங்களிடமும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைப் பறிக்காதீர்கள். தாளில் தேதியே எழுதாமல் விட்டிருந்தால் பழக்கம் வரவில்லை, கூட உட்கார்ந்து எழுதவைத்தால் தீரும். தேதி எழுதியும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்த மேனேஜரைக் கண்டு தயக்கம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் ஒருமுறை அவரையே பேசவையுங்கள். அந்த வாரம் வேறு ஆர்டரின் பேக்கிங்கில் இரவு வரை நின்றிருந்தால், இரண்டாம் படியில் நீங்கள் எடுப்பதாகச் சொன்ன வேலை இன்னும் அவர் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

தாமதம் பையரைத் தொடும் அளவுக்குப் போய்விட்டால் பையருக்கு நீங்கள் எழுதுங்கள், அதில் இளையவரின் பெயர் வேண்டாம். அந்த மெயிலை அவர் காண்பார். அடுத்து எதையாவது ஒப்படைக்கும்போது அவர் எவ்வளவு தயங்குவார் என்பதை அந்த ஒரு மெயிலே தீர்மானித்துவிடும்.

மூன்று நிறங்களின் துண்டுகளும் ஃபைலில் சேர்ந்து, சாயம் தொடங்கிய பிறகு அடுத்த வேலையைக் கொடுக்கலாம். வாஷ் கேர் லேபிள் நல்ல தேர்வு. இழை விகிதமும் துவைக்கும் குறிகளும் பையரிடம் ஒப்புதலாகி, அச்சடித்து, தையலுக்கு முன் வந்து சேர வேண்டும் என்பதால் அதே போன்ற காத்திருப்பு, ஆனால் எதிர்முனையில் இருப்பவர்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் அல்ல. அதற்கு அறிமுகம் செய்யும் ஃபோனை இந்த முறை அவரே செய்யட்டும்.